மீட்டர் காட்டாத எண்

பத்து வருடம் முன்பு வரை நானும் செயல்திட்டத்துக்கு மற்றவர்கள் மாதிரிதான் மதிப்பெண் போட்டேன். ஜூனில் தலைப்பு கொடுப்பேன், செப்டம்பரில் சார்ட்டும் தெர்மோகோலும் வந்து சேரும். கம்ப்யூட்டர் சென்டரில் கலரில் அச்சடித்து ஸ்பைரல் போட்டு வந்தால் 19, கையால் எழுதிச் சட்டை மடிப்புப் போலச் சுருட்டி வந்தால் 14. நடுவில் என்ன நடந்தது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பா யார், அத்தான் எங்கே வேலை பார்க்கிறார் என்பதற்குத்தான் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

இப்போது எழுதப்போவது 2024-இல் ஒன்பதாம் வகுப்பில் செய்த ஒரே ஒரு செயல்திட்டத்தைப் பற்றி. அதில் மூன்று இடத்தில் தடுக்கி விழுந்தேன். அந்த மூன்றையும் விவரமாகச் சொன்னால் யாருக்காவது பயன்படும்.

எங்கள் பள்ளி திருத்துறைப்பூண்டிக்கும் கடலுக்கும் நடுவில், கடைமடையில் இருக்கிறது. இங்கே எந்தத் தெருவிலும் ஒரு அடிபம்பு தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கும், நாலு வீடு தள்ளி இன்னொன்று வாயில் வைக்க முடியாது. வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் வந்தால் பம்புத் தண்ணீரில் உப்பு குறையும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குறைகிறதா, எவ்வளவு, எந்தப் பம்பில்? இதுதான் கேள்வி. விடை எனக்கும் தெரியாது. அதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். விடை தெரிந்த கேள்வியைக் கொடுத்தால் பிள்ளைகள் விடையை எங்கிருந்தாவது எடுத்து ஒட்டிவிடுவார்கள். நம் தெரு பம்பின் உப்பு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

32 பிள்ளைகள், நாலு பேராக எட்டுக் குழு. குழுக்களுக்கு நம் ஆறுகளின் பெயர்: வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி, கோரையாறு, பாமணியாறு, முள்ளியாறு, அடப்பாறு. ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று பம்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்று காட்டும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஐந்து வாங்கினோம், ஒன்று முந்நூறு ரூபாய்க்குள். ஒரே மீட்டரை ஒரு குழு சனிக்கிழமையும் இன்னொரு குழு ஞாயிற்றுக்கிழமையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முறை போட்டேன்.

முதல் சறுக்கல் தேதியில். வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் திறக்கும் என்று நம்பி, ஜூன் கடைசியில் அளக்க ஆரம்பிப்பதாகத் திட்டம் எழுதியிருந்தேன். அந்த வருடம் அணையில் தண்ணீர் இல்லை. ஜூன் போயிற்று, ஜூலையும் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் "டீச்சர், எப்ப டீச்சர்?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். கர்நாடகத்தில் மழை கொட்டி அணைக்குத் தண்ணீர் வர ஆரம்பித்த பிறகு ஜூலை 27, சனிக்கிழமை, முதல் அளவை எடுக்கச் சொன்னேன். மறுநாள் 28-ஆம் தேதி மேட்டூர் திறந்தார்கள். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர இன்னும் நாள் ஆகும் என்பதால் 'தண்ணீர் வருவதற்கு முன்' என்று இரண்டு வார அளவு கையில் இருந்தது. ஆறு வாரம், ஆகஸ்ட் கடைசி வரை. பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள், செப்டம்பர் 6, எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். காலாண்டுத் தேர்வு வருவதால் அதற்கு மேல் தள்ள முடியாது. இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் சின்னதுதான்: வேறு யாரோ திறக்க வேண்டிய மதகை நம்பித் திட்டம் போட்டால், அது திறக்காவிட்டால் என்ன அளப்பது என்பதையும் அதே தாளில் எழுதி வைக்க வேண்டும். இப்போது எழுதி வைக்கிறேன்.

அளக்கும் முறையை ஒரு பீரியடு முழுக்கச் செய்து காட்டினேன். பம்பை முதலில் முப்பது தடவையாவது அடித்துக் குழாயில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். டம்ளரை அதே தண்ணீரில் இரண்டு தடவை அலச வேண்டும். மீட்டரை விட்டு எண் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு பம்புக்கு மூன்று அளவு. மீட்டர்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, ஆர்.ஓ. கேன் தண்ணீர் 10 லிட்டரில் 5 கிராம் உப்பைக் கரைத்தோம். கேன் தண்ணீரில் இருக்கும் கொஞ்சத்தை விட்டால் 500-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். நாலு மீட்டர் 489-இலிருந்து 508-க்குள் காட்டின. ஐந்தாவது 431. அதை ஒதுக்கிவிட்டோம். எட்டுக் குழுவுக்கு நாலு மீட்டர், கணக்கு சரியாக இருந்தது. இந்தச் சோதனையை 500-இல் நிறுத்திக்கொண்டேன் என்பதை நினைவில் வையுங்கள். அங்கேதான் இரண்டாவது சறுக்கல்.

மேற்பார்வை என்று நான் செய்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசி பீரியடில் குழுக் குழுவாகக் கள நோட்டை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, தேதி போட்டு, கையெழுத்து வைத்தேன். ஒரு குழுவுக்கு ஐந்து நிமிடம். கோட்டுக்கு மேலே அப்புறம் எதையும் சேர்க்க முடியாது. தப்பாக எழுதியிருந்தால் ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும், அழிரப்பர் கிடையாது. ஒரு வாரம் அளக்க முடியாமல் போனால் காலியாக விட்டுக் காரணம் எழுத வேண்டும், அதற்கு மதிப்பெண் குறையாது. இந்தக் கடைசி விதியை மூன்று தடவை சொன்னேன். காலி இடத்துக்கு மதிப்பெண் போய்விடும் என்று பயந்தால் பிள்ளைகள் அதை எப்படியாவது நிரப்பிவிடுவார்கள். மீட்டர் யாரிடம் இருக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு பதிவேடு. வெள்ளி மாலை வாங்கியவர், திங்கள் காலை திருப்பியவர், கையெழுத்து. மீட்டர் தொலையக் கூடாதே என்றுதான் அதை வைத்தேன். மதிப்பெண் போடும்போது அதுதான் பெரிய சாட்சியாக நின்றது.

வெட்டாறு குழுவின் இரண்டாவது வார நோட்டில், மாரியம்மன் கோயில் பம்பு: 1436.

எனக்குப் பகீரென்றது. இந்த வகை மீட்டர் 999 வரைதான் ஒவ்வொன்றாகக் காட்டும். அதைத் தாண்டினால் திரையில் 143 என்று மட்டும் வந்து, ஓரத்தில் சின்னதாக x10 என்று மின்னும். அதாவது 1430. அடுத்தது 1440. நடுவில் 1436 என்று ஓர் எண்ணை அந்த மீட்டர் காட்டவே காட்டாது. பார்க்காததை எழுதியிருக்கிறார்கள் என்று அந்த நொடியே முடிவு கட்டிவிட்டேன்.

"ஏம்ப்பா, பம்புக்குப் போனீங்களா, இல்ல வீட்டுல உக்காந்து எழுதுனீங்களா?"

வகுப்பு முன்னாலேயே கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "போனோம் டீச்சர். சத்தியமா போனோம்." அவ்வளவுதான் சொன்னான். திங்கட்கிழமை காலை ஒரு நாள்காட்டித் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். பின்பக்கத்தில் பென்சிலில் 1430, 1440, 1440. கீழே கூட்டி மூன்றால் வகுத்து 1436, புள்ளிக்குப் பிறகு வந்த 66-ஐ வெட்டியிருந்தான். மூன்று அளவு எடுக்கச் சொன்னது நான். சராசரி போடச் சொன்னதும் நான். ஆனால் நான் கொடுத்த அட்டவணையில் இருந்தது ஒரே ஒரு கட்டம். அவன் வேறு என்னதான் செய்வான்?

அன்றைக்கே எல்லா நோட்டிலும் ஒரு பம்புக்கு நாலு கட்டம் போட வைத்தேன், மூன்று அளவுக்கு மூன்று, சராசரிக்கு ஒன்று. அவனிடம் வகுப்பு முன்னாலேயே தப்பு என் மேல் என்றும் சொன்னேன். அவன் சிரிக்கக்கூட இல்லை. தன் நாலு கட்டத்தைக் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

இதே x10 இன்னொரு பக்கம் வேறு வேலை செய்தது. முள்ளியாறு குழுவில் ஒரு பம்பு முதல் இரண்டு வாரம் 1510, 1490. மூன்றாவது வாரம் 148, நாலாவது வாரம் 146. முதல் இரண்டு வாரம் அளந்த பையன் x10-ஐப் பார்த்திருக்கிறான், அடுத்து அளந்தவன் பார்க்கவில்லை. அவர்கள் எழுதி வைத்த முடிவு: "ஆற்றுத் தண்ணீர் வந்ததும் உப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது." வரைபடம் மலையிலிருந்து விழுந்த மாதிரி இருந்தது. ரொம்பச் சந்தோஷமாகக் காட்டினார்கள். 500-இல் நிறுத்தாமல் 1500-க்கும் ஓர் உப்புக் கரைசல் செய்து காட்டியிருந்தால் 32 பேரும் அந்த x10-ஐ முதல் நாளே பார்த்திருப்பார்கள். நான் கற்றுக்கொடுக்காத ஒன்றைத் தவறவிட்டதற்கு மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் 1490-இலிருந்து 148-க்குப் போன எண்ணைப் பார்த்து ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை என்றால், அதற்கு ஒன்று குறைக்கலாம். எண் தப்பாக வருவது வேறு, தப்பான எண்ணை ஏன் என்று கேட்காமல் விடுவது வேறு. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

மூன்றாவது சம்பவம் ஆகஸ்ட் 24, 25. வெள்ளிக்கிழமை மாலை ஒரு மீட்டரின் பட்டன் பேட்டரி தீர்ந்து திரை அணைந்துவிட்டது. அதை என் பையிலேயே வைத்துக்கொண்டேன். அந்த மீட்டரைச் சனிக்கிழமை எடுக்க வேண்டிய அரசலாறு குழுவிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய குழுவிடம் சொல்ல மறந்துவிட்டேன். அரசலாறு குழு மூன்று வரியையும் காலியாக விட்டு, "மீட்டர் வேலை செய்யவில்லை" என்று எழுதியிருந்தது. அடுத்த குழுவின் நோட்டில் 25-ஆம் தேதிக்கு ஒன்பது எண்கள். முந்தின வாரத்துக்கும் இதற்கும் ஒவ்வொரு பம்பிலும் சரியாகப் பத்துப் பத்துக் குறைவு. அந்தக் குழுவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

வெட்டாறு பையனிடம் பட்ட சூடு இருந்ததால் இந்தத் தடவை வகுப்பில் கேட்கவில்லை. மதிய இடைவேளையில் நாலு பேரையும் கூப்பிட்டு, பதிவேட்டைத் திறந்து வைத்து, "அந்த ஞாயித்துக்கிழம மீட்டர யார்கிட்டேருந்து வாங்குனீங்க?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பெண், "அவங்க குடுக்கல டீச்சர், நோட்டு காலியா இருந்தா திட்டுவீங்கன்னு..." என்றாள். கள நோட்டுக்கு உரிய 6-இல் 2 குறைத்தேன், அந்த வரிகளை ஒற்றைக் கோட்டால் அடிக்கச் சொல்லிப் பக்கத்தில் காரணம் எழுத வைத்தேன். முழுப் பூஜ்யம் போட வேண்டும் என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு இருந்தது. மீதி ஐந்து வாரம் அவர்கள் நிஜமாகப் போய் அளந்திருக்கிறார்கள். அந்த ஐந்து வாரத்தையும் சேர்த்து அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, மதிப்பெண். மொத்தம் 20. கள நோட்டுக்கு 6, வரைபடத்துக்கும் முடிவுக்கும் 5, இந்த 11-உம் குழு முழுக்கப் பொது. மீதி 9 ஆளுக்கு ஆள்: நாலு நிமிட வாய்மொழிக்கு 5, வகுப்பிலேயே உட்கார்ந்து தனியாக எழுதும் ஒரு பக்கத்துக்கு 4. அந்தப் பக்கத்துக்கு ஒரே கேள்வி: உங்கள் குழுவின் எண்களில் நீ நம்பாத எண் எது, ஏன்? அலங்காரத்துக்கு மதிப்பெண் இல்லை என்று முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிட்டேன். 32 பேருக்கு நாலு நிமிடம் என்றால் 128 நிமிடம், மூன்று பீரியடு போகும். இதை முதலிலேயே கால அட்டவணையில் ஒதுக்காவிட்டால் கடைசியில் கட்டாயம் வெட்டுப்படும். எனக்கு முந்தின வருடம் அப்படித்தான் வெட்டுப்பட்டது.

யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று பிள்ளைகளையே கேட்கும் முறை ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேருக்கு 30 புள்ளியைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லாரும் சமமாக உழைத்திருந்தால் ஆளுக்கு 30 வந்து சேரும். வந்ததை 30-ஆல் வகுத்துக் குழு மதிப்பெண்ணைப் பெருக்குவார்கள். காகிதத்தில் அழகாக இருக்கும். முள்ளியாறு குழுவில் ஒரு பெண்ணுக்கு மற்ற மூன்று பையன்களும் கொடுத்தது 4, 5, 6. மொத்தம் 15, அதாவது பாதி. குழுவுக்கு 11-இல் 8 என்றால் அவளுக்கு 4. காரணமும் எழுதியிருந்தார்கள்: "ஒரு வாரம்கூட அளக்க வரவில்லை." அது உண்மைதான். சனி ஞாயிறு அவள் வீட்டைவிட்டு வர முடியாது. அம்மா நடவு வேலைக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

வாய்மொழியில் அவளிடம் வரைபடத்தைக் காட்டி, எது நம்ப முடியவில்லை என்று கேட்டேன். விரலை 148-இல் வைத்தாள்.

"நான் தெனம் இந்த பம்புலதான் தண்ணி புடிக்கிறேன் டீச்சர். பாத்திரம் கழுவத்தான் ஆவும். உப்பு அம்புட்டு கொறஞ்சிருந்தா நாக்குக்குத் தெரியாதா? அதே உப்புதான். இவங்ககிட்ட சொன்னேன், மீட்டரு பொய் சொல்லாதுன்னுட்டாங்க."

அவளுடைய தனிப் பக்கத்திலும் இதுவே இருந்தது. கூடவே, கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீர்க் குழாயின் தண்ணீரையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால் தெரியும் என்று எழுதியிருந்தாள். ஒப்பிட ஒன்று வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்லித்தரவில்லை. வாய்மொழிக்கு 5, பக்கத்துக்கு 4. மூன்று பையன்களில் இருவருக்கு வாய்மொழியில் 3, ஒருவனுக்கு 2. அந்தப் பெருக்கல் கணக்கை அன்றோடு விட்டுவிட்டேன். புள்ளி பிரிப்பதை இன்னும் கேட்கிறேன், ஆனால் யாரிடம் கூடுதலாகக் கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும். புள்ளி குறைந்தவர் சோம்பேறியாகவும் இருக்கலாம், வீட்டைவிட்டு வர முடியாதவராகவும் இருக்கலாம், இவர்களோடு சேராதவராகவும் இருக்கலாம். எண்ணைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

நோட்டுத் திருத்தும்போது ஒரு குழுவை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை. எட்டு நோட்டிலும் கள அளவை மட்டும் பார்த்தேன், மறுநாள் எட்டிலும் முடிவுகளை மட்டும். ஒரு நோட்டின் நல்ல கையெழுத்து அதன் முடிவுக்கும் சேர்த்து மதிப்பெண் வாங்கிக் கொடுத்துவிடும், இப்படிப் பிரித்தால் அது கொஞ்சம் அடங்கும். கடைசி நோட்டு முடிந்ததும் முதல் இரண்டையும் பழைய மதிப்பெண்ணைப் பார்க்காமல் திரும்பத் திருத்தினேன். முதல் நோட்டுக்கு முதலில் முடிவில் 5-க்கு 2 போட்டிருந்தேன், இரண்டாவது தடவை 4 வந்தது. நோட்டு மாறவில்லை. மற்ற ஏழு குழுவும் என்ன எழுதியிருக்கின்றன என்று தெரியாமலே முதல் தடவை கையை இறுக்கியிருக்கிறேன். கணக்கு ஆசிரியரிடம் பெயரை ஒட்டி மறைத்து மூன்று நோட்டைக் கொடுத்தேன். இரண்டில் எங்கள் இருவருக்கும் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இல்லை. மூன்றாவதில் மூன்று வித்தியாசம்: "மழையும் பெய்ததால் ஆற்றுத் தண்ணீரால்தான் குறைந்தது என்று சொல்ல முடியாது" என்று எழுதிய கோரையாறு குழு. சார் அதை முடிவே இல்லாத முடிவு என்றார். 24 பம்பில் வாய்க்கால் ஓரத்தில் இருந்த சிலவற்றில்தான் கொஞ்சம் இறக்கம் தெரிந்தது, பலவற்றில் ஒன்றும் இல்லை, ஒன்றில் ஏறியே இருந்தது. அதோடு ஆகஸ்டில் மழையும் பெய்தது, ஆறு வாரத்தில் இதற்கு மேல் சொல்ல முடியாது என்று அட்டவணையைக் காட்டினேன். ஒத்துக்கொண்டார். 5-க்கு 5.

பட்டியலை ஒட்டிய மறுநாள் ஒரு அப்பா வந்தார். அவர் மகன் குடமுருட்டி குழு. கலர் அச்சு, பளபள அட்டை, 600 ரூபாய் செலவாம். மொத்தம் 20-க்கு 12.

"இவ்வளவு செலவு பண்ணியும் பன்னெண்டுதானா டீச்சர்?"

கள நோட்டை எடுத்துக் கொடுத்தேன். சிவப்புக் கோடுகளைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். அது அவர் வீட்டு வாசல் பம்பு, 1580.

"இது நம்ம பம்பா? இவ்வளவா இருக்கு? குடிக்கலாமா டீச்சர் இத?"

இந்தியத் தர நிர்ணயத்தில் 500 வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். இந்த மீட்டர் கரைந்திருப்பதன் மொத்தத்தைத்தான் காட்டும், கிருமி இருக்கிறதா என்று காட்டாது என்பதையும் சொன்னேன். அவர் நோட்டைத் திருப்பித் தரவில்லை. மகனைக் கூப்பிட்டு, "இதுக்கு முந்தின வாரம் எவ்வளவுடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.